பாகையில் சைன், கொசைன் வகைக்கெழு: π/180 எங்கிருந்து வருகிறது, கால்குலேட்டர் எங்கே கவிழ்க்கிறது

நியூமரிக்கல் மெத்தட்ஸ் வகுப்பில் ஒரு நாள் 3x − cos x − 1 = 0 என்ற சமன்பாட்டைக் கொடுத்து, நியூட்டன்-ராப்சன் முறையில் நான்கு தசம இடங்களுக்கு மூலம் காணச் சொன்னேன். அந்தப் பாடத்தில் அடிக்கடி வரும் கணக்குதான். விடை 0.6071. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி நோட்டை நீட்டினார். 0.6666 என்று எழுதியிருந்தது.

"தப்பும்மா" என்றேன்.

"இல்ல சார், எங்க நாலு பேருக்கும் இதேதான் வருது. விடையத் திரும்ப சமன்பாட்டுல போட்டும் பாத்துட்டோம், பூஜ்ஜியம்தான் சார் வருது."

நோட்டைப் படி படியாகப் பார்த்தேன். சூத்திரம் சரி, வகைக்கெழு 3 + sin x சரி, கழித்தல் வகுத்தல் எல்லாம் சரி. அப்புறம்தான் கால்குலேட்டரை வாங்கித் திரையைப் பார்த்தேன். மேல் ஓரத்தில் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத அளவில் ஒரு D, அதாவது பாகை முறை.

"ரேடியனுக்கு மாத்தும்மா" என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அது ஏன் தவறு, தவறாக இருந்தும் ஏன் எல்லாச் சோதனையிலும் பாஸ் ஆனது என்பது புரியாவிட்டால் அடுத்த கணக்கிலும் இதே பள்ளத்தில்தான் விழுவோம். அதற்கு முதலில் பாகையில் சைனை வகையிட்டால் என்ன கிடைக்கும் என்று தெரிய வேண்டும். அங்கிருந்து தொடங்கி, கடைசியில் இந்த 0.6666-க்குத் திரும்பி வருகிறேன்.

ஒரே பொத்தான், இரண்டு சார்புகள்

கால்குலேட்டரில் sin என்று ஒரே பொத்தான் இருப்பதால் அது ஒரே சார்பு என்று நினைத்துவிடுகிறோம். D முறையில் sin 60 போட்டால் 0.8660 வருகிறது. R முறையில் அதே sin 60 போட்டால் −0.3048 வருகிறது. ஒரே எண்ணை உள்ளே கொடுத்து வெவ்வேறு எண் வெளியே வந்தால் அவை வெவ்வேறு சார்புகள். பாகைச் சார்பை இனி sin x° என்றும், ரேடியன் சார்பை வெறும் sin x என்றும் எழுதுகிறேன்.

இரண்டின் வரைபடத்தையும் ஒரே தாளில் வரைந்து பாருங்கள். இரண்டும் −1-க்கும் 1-க்கும் இடையில் ஆடும் அலைகள்தான். ஆனால் ரேடியன் அலை ஒரு சுற்று முடிக்க x-அச்சில் 6.28 அலகு போதும். பாகை அலைக்கு 360 அலகு வேண்டும். அதாவது அதே அலையைப் பக்கவாட்டில் 57.3 மடங்கு இழுத்து நீட்டியிருக்கிறோம். உயரம் மாறாமல் நீளம் மட்டும் 57.3 மடங்கானால் சாய்வு ஒவ்வோர் இடத்திலும் 57.3-ல் ஒரு பங்காகக் குறையும். 1/57.3 என்பது 0.01745. அதுதான் π/180.

இன்னும் எளிதாகவும் இதைப் பார்க்கலாம். sin x° பூஜ்ஜியத்திலிருந்து 1 வரை ஏற 90 அலகு எடுத்துக்கொள்கிறது. சராசரிச் சாய்வு 1/90, அதாவது 0.0111. பாகையிலும் சைனின் வகைக்கெழு கொசைனே என்று ஒருவர் சொன்னால், x = 0-ல் சாய்வு cos 0° = 1 ஆக வேண்டும். ஒரே பாகை நகர்ந்ததும் சைன் கிட்டத்தட்ட 1-ஐத் தொட்டுவிடும் என்று அர்த்தம். உண்மையில் sin 1° வெறும் 0.01745.

படிப்படியாக வகையிடுவோம்

முதல் படி, வரையறையை எழுதுவது:

[sin(x + h)° − sin x°] / h, இதில் h → 0.

இரண்டாம் படி, மேலே உள்ள வித்தியாசத்தைப் பெருக்கலாக மாற்றுவது. பதினொன்றாம் வகுப்பில் படித்த சூத்திரம்தான்:

sin(x + h)° − sin x° = 2 cos(x + h/2)° · sin(h/2)°

இந்தச் சூத்திரத்துக்கு அலகைப் பற்றிக் கவலையே இல்லை. பாகையோ ரேடியனோ, கோணம் கோணம்தான். ஆகவே இதுவரை π எங்கும் வரவில்லை. இதை h-ஆல் வகுத்து ஒழுங்குபடுத்தினால்

cos(x + h/2)° × sin(h/2)° / (h/2)

என்று வரும். h சுருங்கச் சுருங்க முதல் காரணி cos x° ஆகிவிடும். மிச்சம் இருப்பது ஒரே ஒரு எல்லை: sin k° / k, இதில் k → 0. அலகு தன் வேலையைக் காட்டுவது இந்த ஓர் இடத்தில் மட்டும்தான்.

மூன்றாம் படி, அந்த எல்லை. ஆரம் 1 உள்ள வட்டத்தில் மையத்தில் k பாகைக் கோணம் வரையுங்கள். முழுச் சுற்றளவு 2π, அதில் k/360 பங்கு எடுத்தால் வில்லின் நீளம் πk/180. வில்லின் மேல்முனையிலிருந்து கீழே இறக்கும் செங்குத்துக் கோட்டின் நீளம் sin k°. இப்போது மூன்று பரப்புகளை ஒப்பிடுவோம். உள்ளே அடங்கும் முக்கோணத்தின் பரப்பு ½ sin k°. வட்டக்கோணப்பகுதியின் பரப்பு πk/360. வெளியே தொடுகோடு வரைந்து கிடைக்கும் பெரிய முக்கோணத்தின் பரப்பு ½ tan k°. ஒன்றுக்குள் ஒன்று அடங்குவதால்

sin k° < πk/180 < tan k°

இதிலிருந்து sin k° / k என்பது (π/180)·cos k°-க்கும் π/180-க்கும் இடையில் மாட்டிக்கொள்கிறது. k பூஜ்ஜியத்தை நெருங்கும்போது cos k° ஒன்றாகிவிடும். இரண்டு பக்கமும் நெருக்கி எல்லை π/180 ஆகிறது.

கால்குலேட்டரை D முறையில் வைத்து நீங்களே பார்க்கலாம். k = 10 என்றால் sin 10° / 10 = 0.0173648. k = 1 என்றால் 0.0174524. k = 0.1 என்றால் 0.0174533. π/180-ன் மதிப்பு 0.01745329.

ஆகவே:

d/dx (sin x°) = (π/180) cos x°
d/dx (cos x°) = −(π/180) sin x°

சங்கிலி விதி தெரிந்தவர்கள் sin x° என்பதை sin(πx/180) என்று எழுதி ஒரே வரியில் இங்கே வந்துவிடலாம். தேர்வுக்கு அது போதும். ஆனால் ரேடியனில் மட்டும் ஏன் பெருக்கல் எண் காணாமல் போகிறது என்று அந்த ஒரு வரி சொல்லாது. வில்லின் நீளமே கோணத்தின் அளவு என்று வைத்துக்கொண்டால் மேலே உள்ள எல்லை 1 ஆகிவிடுகிறது. ரேடியனின் வரையறையே அதுதான்.

இங்கே இரண்டு தவறுகளை அடிக்கடி பார்க்கிறேன். இரண்டாம் வகைக்கெழு எடுக்கும்போது π/180 மறுபடியும் ஒரு முறை வரும், அதனால் அது −(π/180)² sin x°. இதைப் பலர் முதல் தடவையோடு நிறுத்திவிடுகிறார்கள். இன்னொன்று கொஞ்சம் நுட்பமானது. cos 60°-ன் மதிப்பைக் காண 60-ஐ π/180-ஆல் பெருக்கி ரேடியனாக்கினால், "π/180 போட்டாச்சே" என்று வெளியே வர வேண்டியதை விட்டுவிடுகிறார்கள். உள்ளே போடுவது கோணத்தை மொழிபெயர்க்கிற வேலை. வெளியே போடுவது சாய்வைச் சரிசெய்கிற வேலை. ஒன்று செய்ததால் மற்றது தீர்ந்துவிடாது.

அட்டவணையை வைத்தே சரிபார்க்கலாம்

60°-ல் சாய்வு (π/180) × 0.5 = 0.0087266 என்கிறது சூத்திரம். வகையிடலே தெரியாத ஒருவர் முக்கோணவியல் அட்டவணையைத் திறந்து இதைச் சோதிக்கலாம். sin 61° = 0.8746197, sin 59° = 0.8571673. வித்தியாசம் 0.0174524. இரண்டு பாகை இடைவெளி என்பதால் இரண்டால் வகுத்தால் 0.0087262. ஐந்தாவது முக்கிய இலக்கத்தில்தான் சிறு வேறுபாடு வருகிறது.

இந்த இடத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஆரியபட்டர் 499-ல் தந்த சைன் அட்டவணையில் ஆரம் 1 கிடையாது, 3438. ஒரு பாகைக்கு 60 கலை, ஆகவே வட்டத்தின் சுற்றளவு 360 × 60 = 21600 கலை. அதை 2π-ஆல் வகுத்தால் 3437.75. அதாவது வில்லை எந்த அலகில் அளக்கிறோமோ, அதே அலகில்தான் ஆரத்தையும், சைனாக எடுத்துக்கொண்ட அரைநாணையும் அளந்திருக்கிறார்கள். அட்டவணை 225 கலைக்கு ஒரு படியாக, அதாவது 3 பாகை 45 கலைக்கு ஒன்றாகப் போகும். அதில் இருப்பவை அடுத்தடுத்த சைன்களின் வித்தியாசங்கள்: 225, 224, 222, 219 என்று தொடங்கிக் கடைசியில் 7-ல் முடியும். தொடக்கத்தில் வில் 225 நகர்ந்தால் அரைநாணும் 225 ஏறுகிறது. சாய்வு 1.

60°-க்குப் போவோம். அது 16-வது படியின் முடிவு. அதற்கு முந்தைய வித்தியாசம் 119, பிந்தையது 106. இரண்டையும் கூட்டினால் 225. வில் நகர்ந்தது 450. வகுத்தால் சரியாக 0.5, அதாவது cos 60°. π/180 என்ற எண் குறுக்கே வரவே இல்லை, ஏனென்றால் வில்லுக்கும் ஆரத்துக்கும் ஒரே அலகு. ரேடியன் தரும் வசதி அந்த அட்டவணையின் அமைப்பிலேயே இருக்கிறது.

பாகையிலேயே கேட்கப்படும் கணக்கு

எல்லாவற்றையும் ரேடியனுக்கு மாற்றிவிட்டால் போதுமே என்று தோன்றலாம். ஆனால் அளக்கும் கருவி பாகையில்தான் காட்டும், பிழையும் பாகையில்தான் இருக்கும். ஒரு பட்டம் பறக்கிறது என்று வையுங்கள். நூல் 80 மீட்டர், தொய்வில்லாமல் நேராக இருக்கிறது. தரையோடு 40° கோணம். பட்டத்தின் உயரம் 80 sin 40° = 51.42 மீட்டர். கோணத்தை அளந்ததில் ஒரு பாகை முன்னே பின்னே இருக்கலாம் என்றால் உயரத்தில் எவ்வளவு பிழை வரும்?

உயரத்தின் வகைக்கெழு 80 × (π/180) × cos 40°. cos 40° = 0.7660 என்பதால் பாகைக்கு 1.07 மீட்டர். நேரடியாகச் சரிபார்த்தால் 80 sin 41° = 52.48. வித்தியாசம் 1.06 மீட்டர், பொருந்துகிறது.

π/180-ஐ விட்டுவிட்டால் 80 × 0.7660 = 61.28 மீட்டர் பிழை என்று வரும். பட்டம் இருக்கும் உயரமே 51 மீட்டர்தான். இந்த வகைத் தவறு சத்தம் போடும், யாராக இருந்தாலும் நின்று திரும்பிப் பார்ப்பார்கள். கிடைத்த விடையும் எதிர்பார்த்த விடையும் 57.3 மடங்கு வேறுபட்டால் ஒரு π/180 விட்டுப்போயிருக்கிறது என்று வையுங்கள். 3283 மடங்கு என்றால் இரண்டு விட்டுப்போயிருக்கின்றன, அநேகமாக இரண்டாம் வகைக்கெழுவில்.

கால்குலேட்டரில் எந்த முறை என்று பார்ப்பது

மாணவர்கள் அதிகம் வைத்திருக்கும் கேசியோ மாடல்களில் திரையின் மேலே பாகை, ரேடியன், கிரேடியன் என்பதைக் காட்டும் D, R, G என்ற மூன்றில் ஒன்று தெரியும். fx-991MS-ல் Deg, Rad, Gra என்ற வரி வரும்வரை MODE பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தி, ரேடியனுக்கு 2 அழுத்த வேண்டும். fx-991ES-ல் SHIFT, MODE, பிறகு 4. fx-991EX-ல் SHIFT, MENU, பிறகு 2, மறுபடி 2. மொத்தமாக ரீசெட் செய்தால் இவை எல்லாமே பாகைக்குத் திரும்பிவிடும். பாதித் தவறுகளுக்குக் காரணம் இதுதான். தேர்வுக்கு முன் யாரோ "க்ளியர் பண்ணிடு" என்று சொல்ல, நேற்றுவரை R-ல் இருந்த கால்குலேட்டர் சத்தமில்லாமல் D-க்குப் போய்விடும்.

திரையில் எழுத்து சரியாகத் தெரியவில்லை என்றால் sin 30 போட்டுப் பாருங்கள். D என்றால் 0.5, R என்றால் −0.9880, G என்றால் 0.4540. sin 0, cos 0 இரண்டையும் வைத்துச் சோதிக்காதீர்கள். மூன்று முறையிலும் ஒரே விடைதான் வரும்.

இந்தக் கால்குலேட்டர்களில் d/dx வசதியும் உண்டு. அது சூத்திரம் போட்டு வகையிடுவதில்லை. பக்கத்துப் பக்கத்து மதிப்புகளை எடுத்து, நாம் மேலே 59°, 61° வைத்துச் செய்ததைப் போலத்தான் செய்கிறது. அதனால் எந்த முறையில் இருக்கிறதோ அந்தச் சார்பின் சாய்வை நேர்மையாகத் தரும். sin(X)-ஐ 60 என்ற இடத்தில் வகையிட நினைக்கும் ஒருவருக்கு நான்கு விதமான விடை கிடைக்கலாம்:

| முறை | X-க்குக் கொடுத்த எண் | திரையில் வருவது |
|---|---|---|
| R | π÷3 | 0.5 |
| D | 60 | 0.0087266 |
| R | 60 | −0.9524 |
| D | π÷3 | 0.0174504 |

முதல் இரண்டும் சரி. முதலாவது ரேடியன் சார்பின் சாய்வு, இரண்டாவது பாகைச் சார்பின் சாய்வு, இரண்டும் ஒரே கோணத்தில். மூன்றாவது, 60 ரேடியன் என்ற கோணத்தில் எடுத்த சாய்வு. அது ஒன்பதரைச் சுற்றுக்கும் மேலே எங்கோ போய் நிற்கும் கோணம். நான்காவது, 1.047 பாகையில் எடுத்தது. அங்கே கொசைன் கிட்டத்தட்ட 1 என்பதால் விடை π/180-க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. வகைக்கெழுவாக 0.0174 என்று தொடங்கும் எண் எங்கே எதிர்பாராமல் வந்தாலும் முதலில் D-யைச் சந்தேகியுங்கள்.

தொகையிடலிலும் இதே கதைதான். 0-விலிருந்து π வரை sin X-ஐத் தொகையிட்டால் R-ல் 2 வரும். D-ல் 0.0861. இந்த மாடல்களின் கையேடே, சார்பில் முக்கோணவியல் இருந்தால் வகையிடலுக்கும் தொகையிடலுக்கும் Rad வைக்கச் சொல்கிறது.

என் பழக்கத்தைச் சொல்கிறேன். வகையிடலோ தொகையிடலோ வரும் எந்தக் கணக்கிலும் கால்குலேட்டர் R-லேயே இருக்கட்டும். இடையில் ஒரு பாகைக் கோணம் தேவைப்பட்டால் முறையை மாற்றாமல் அந்த எண்ணுக்குப் பின்னால் பாகைக் குறி போடுங்கள். fx-991MS, fx-991ES இரண்டிலும் SHIFT, Ans அழுத்தினால் அந்தப் பட்டியல் வரும், அதில் 1 பாகை. R-ல் இருந்துகொண்டே sin(30°) என்று போட்டு 0.5 வாங்கலாம். முறையை மாற்றினால் திரும்ப மாற்ற மறந்துபோகும், குறி போட்டால் அந்த ஓர் எண்ணோடு முடிந்தது.

இரண்டு அலகும் ஒரே அடைப்புக்குள் வந்தால்

எலெக்ட்ரிக்கல் மாணவர்களுக்கு வரும் வடிவம் இது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். உச்சம் சுமார் 325 வோல்ட். அதை v = 325 sin(100πt + 30°) என்று எழுதுவார்கள். 100πt ரேடியன், 30 பாகை. புத்தகத்தில் இப்படித்தான் இருக்கும், பொருளும் புரியும். ஆனால் அப்படியே கால்குலேட்டரில் போட்டால் எந்த முறையும் சரியான விடை தராது.

t = 0.005 வினாடி என்று வைப்போம். 100π × 0.005 = π/2, அதாவது 90°. கூட்டினால் 120°. விடை 325 × 0.8660 = 281.5 வோல்ட். இதையே D-ல் அப்படியே தட்டினால் 1.5708 + 30 = 31.57 பாகை என்று எடுத்துக்கொண்டு 170.2 தரும். R-ல் 31.57 ரேடியன் என்று எடுத்து 50.1 தரும். மூன்றுமே 325-க்குள் அடங்குவதால் எதுவும் கண்ணை உறுத்தாது.

இதை t-ஐ வைத்து வகையிட்டால் 325 × 100π × cos(100πt + 30°). இங்கே π/180 வராது. "பாகை இருக்கிறதே, போட வேண்டாமா" என்று கேட்பார்கள். 30° ஒரு மாறிலி. t மாறும்போது மாறுவது 100πt மட்டும், அது ஏற்கெனவே ரேடியனில் இருக்கிறது. எதை வைத்து வகையிடுகிறோமோ அதன் அலகுதான் π/180-ஐத் தீர்மானிக்கும், பக்கத்தில் நிற்கும் மாறிலியின் அலகு அல்ல.

கணினியில் எழுதும்போது குழப்பம் குறைவு. எக்செல், பைதான் போன்றவற்றில் முக்கோணவியல் சார்புகள் ரேடியனைத்தான் எதிர்பார்க்கும், மாற்ற ஒரு பொத்தான் கிடையாது. எக்செலில் =SIN(RADIANS(60)). பைதானில் நாம் பார்த்த சாய்வை இப்படிச் சோதிக்கலாம்:

```python
import math
def sind(x):
    return math.sin(math.radians(x))
h = 0.001
print((sind(60 + h) - sind(60 - h)) / (2 * h))
```

0.0087266 என்று தொடங்கும் எண் வரும்.

0.6666-க்குத் திரும்புவோம்

f(x) = 3x − cos x − 1. வகைக்கெழு 3 + sin x. முதலில் ரேடியனில் போடுவோம். f(0) = −2, f(1) = 1.4597. குறி மாறுகிறது, மூலம் இடையில் இருக்கிறது. x₀ = 0.6 என்று எடுத்தால் f(0.6) = −0.025336, வகைக்கெழு 3.564642. வகுத்துக் கூட்டினால் x₁ = 0.607107. அடுத்தது x₂ = 0.607102. முடிந்தது.

இப்போது D முறையில், அந்த மாணவி செய்ததுபோல. f(0) = −2, f(1) = 1.0002. இங்கேயும் குறி மாறுகிறது. x₀ = 0.6. cos 0.6° = 0.999945 என்பதால் f = −0.199945. வகைக்கெழு 3 + sin 0.6° = 3.010472. x₁ = 0.666417. அடுத்து x₂ = 0.666643. அதற்கடுத்து x₃ = 0.666644. நான்கு இடத்துக்கு 0.6666 என்று நின்றுவிட்டது. திரும்பச் சமன்பாட்டில் போட்டாலும் பூஜ்ஜியம்தான் வரும், ஏனென்றால் சோதித்ததும் அதே D முறையில்தான். 3x − cos x° − 1 = 0 என்ற வேறொரு சமன்பாட்டுக்கு 0.6666 உண்மையாகவே சரியான மூலம். நான்கு பேரும் ஒரே விடையைப் பெற்றதில் ஆச்சரியம் எதுவும் இல்லை, நான்கு கால்குலேட்டரும் D-ல் இருந்தன.

விடை எங்கிருந்து வந்தது என்று கவனியுங்கள். ஒரு பாகைக்கும் குறைவான கோணத்தில் கொசைன் நடைமுறையில் 1. சமன்பாடு 3x − 2 = 0 ஆகிவிட்டது. 0.6666 என்பது 2/3-ன் நிழல். ரேடியன் கணக்கில் x ஒன்றுக்கும் குறைவான எண்ணாக வரும்போதெல்லாம் D முறை கொசைனை 1 ஆகவும் சைனைக் கிட்டத்தட்ட 0 ஆகவும் தட்டையாக்கிவிடும்.

கால்குலேட்டருக்கு வெளியிலிருந்து பிடிக்க ஒரு வழி உண்டு. சிறிய x-க்கு cos x என்பது ஏறக்குறைய 1 − x²/2. 0.6-ன் வர்க்கம் 0.36, பாதி 0.18, ஆகவே cos 0.6 சுமார் 0.82 இருக்க வேண்டும். உண்மையான மதிப்பு 0.8253. திரையில் 0.9999 என்று பார்த்த அந்த நொடியிலேயே நிறுத்தியிருக்கலாம். முதல் வரியை மட்டும் இப்படி மனக்கணக்காகப் பார்த்தால் போதும், எல்லா வரியையும் பார்க்க வேண்டியதில்லை.

படிகளுக்குள்ளேயே இன்னொரு தடயமும் இருக்கிறது. நியூட்டன் முறை சரியாக ஓடினால் பிழை ஒவ்வொரு படியிலும் ஏறக்குறைய வர்க்கமாகும், சரியான இலக்கங்கள் இரட்டிப்பாகும். ரேடியனில் பிழை 0.0071-லிருந்து ஒரே தாவலில் 0.000006-க்கு வந்தது, அடுத்ததில் கால்குலேட்டரின் திரைக்கே எட்டாத அளவுக்குப் போய்விடும். D முறையில் பிழை 0.0666, 0.00023, 0.0000009 என்று ஒவ்வொரு படியிலும் சுமார் 250-லிருந்து 300 மடங்கு குறைகிறது. இரட்டிப்பு இல்லை, ஒரே சீரான குறைவு. காரணம் வகைக்கெழுதான். 3x − cos x° − 1-க்கு வகைக்கெழு எழுதினால் 3 + (π/180) sin x° என்று வந்திருக்க வேண்டும். நாம் போட்டது 3 + sin x°. சார்பு பாகையில், வகைக்கெழு ரேடியனுக்கு உரியது. 3 என்ற பெரிய எண் பக்கத்தில் இருந்ததால் அந்தப் பொருத்தமின்மை மூடி மறைந்துபோனது.

அந்த 3 இல்லாவிட்டால் மறையாது. sin x − 0.5 = 0 என்பதை D முறையில், வகைக்கெழு cos x என்று வைத்து, 20-லிருந்து தொடங்கிப் பாருங்கள். 20, 20.17, 20.33 என்று நத்தைபோல நகரும். போக வேண்டிய இடம் 30. ஒவ்வொரு அடியும் போட வேண்டிய அடியில் 57-ல் ஒரு பங்கு. நியூட்டன் முறை இப்படி ஊர்ந்தால் தொடக்க மதிப்பைக் குறை சொல்லாதீர்கள், முறையைப் பாருங்கள்.

அந்த மாணவியிடம் cos 0.6-ஐ மனக்கணக்காகப் போடச் சொன்னேன். 0.82 என்று சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தவர், நான் எதுவும் சொல்வதற்கு முன்பே SHIFT அழுத்தினார். பக்கத்தில் இருந்த மூன்று பேரும் தங்கள் கால்குலேட்டரைத் திருப்பிப் பார்த்தார்கள். இரண்டு நிமிடத்தில் நோட்டு மறுபடி வந்தது. x₁ = 0.607107, x₂ = 0.607102.